ரங்கூன் வெக்கையில் முதுகுக்கு எந்த மெத்தை: நாரா, ஸ்பாஞ்சா, லேடெக்ஸா?

போன மார்ச் மாதம் அக்கா கூப்பிட்டாள். மச்சானுக்குக் காலையில் எழுந்ததும் இடுப்பு பிடித்துக்கொள்கிறது, நிமிரவே கால் மணி நேரம் ஆகிறது, குளித்து முடித்துக் கொஞ்சம் நடமாடினால் சரியாகிவிடுகிறது என்றாள். "புது மெத்தை வாங்கலாம்னு இருக்கோம். எது நல்லது, சொல்லு."

நான் மெத்தைக்கு உறை தைக்கிறவன். அப்பா காலத்தில் இலவம்பஞ்சு அடைத்துத் தைத்தோம். இப்போது பழைய மெத்தைகளைப் பிரித்து உறை மாற்றுவதுதான் பெரும்பாலும் வேலை. அதனால் எந்த மெத்தை எங்கே உட்காருகிறது, எது எப்படிக் கெடுகிறது என்பதை உள்ளே பார்த்துப் பழக்கம். அக்காவுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். தாமுவேயில் நாலாம் மாடியில் அவர்கள் வீடு. நம் ஊரில் பெரும்பாலான வீடுகளின் நிலைமை அதுதான் என்பதால் மற்றவர்களுக்கும் உதவும்.

முதலில் மெத்தைதான் காரணமா என்று பார்க்க வேண்டும். எழும்போது வலித்து, நடமாடினால் ஒரு மணி நேரத்துக்குள் விடுகிற வலி என்றால் மெத்தையைச் சந்தேகிக்கலாம். வெளியூரில் வேறு படுக்கையில் படுத்தபோது அந்த வலி இல்லை என்றால் சந்தேகம் இன்னும் வலுக்கும். வலி காலுக்கு இறங்கினாலோ, கால் மரத்தாலோ, ராத்திரி படுத்திருக்கும்போதே வலி கூடிக்கொண்டு போனாலோ மெத்தைக் கடைக்குப் போகக் கூடாது. மருத்துவரிடம் போக வேண்டும். சிறுநீர், மலம் போவதில் தடுமாற்றம் வந்தால் அன்றைக்கே போக வேண்டும். மச்சானுக்கு அந்த அறிகுறி எதுவும் இல்லை. போன தீபாவளிக்குத் தங்கை வீட்டில் பாயில் படுத்தபோது வலி இல்லை என்றும் அவரே சொன்னார்.

அவர்கள் வீட்டுக்குப் போய் விரிப்பை எடுத்துவிட்டு, மெத்தையின் குறுக்கே ஒரு நூலை இறுக்கிப் பிடித்து, நூலுக்கும் மெத்தைக்கும் நடுவே ஸ்கேல் வைத்தேன். அக்கா படுக்கும் பக்கம் அரை அங்குலம் இறங்கியிருந்தது. மச்சானின் இடுப்பு விழும் இடத்தில் இரண்டு அங்குலம். ஆள் படுக்காமலே இரண்டு அங்குலம் என்றால், படுத்ததும் இடுப்பு இன்னும் கீழே போகும். தோளும் காலும் மேட்டில் இருக்க, முதுகெலும்பு ராத்திரி முழுக்க ஊஞ்சல் மாதிரி வளைந்து கிடக்கும். ஒன்றரை அங்குலத்துக்கு மேல் பள்ளம் விழுந்தாலே அந்த மெத்தையை மாற்றும்படிதான் நான் சொல்வேன். இது ஆறு அங்குல ஸ்பாஞ்சு மெத்தை. வாங்கி இரண்டு வருடம்கூட முழுதாக ஆகவில்லை.

மச்சானுக்கு ஒரு தீர்மானம் இருந்தது. முதுகுவலிக்குக் கெட்டிப் படுக்கைதான் மருந்து, பேசாமல் பலகையில் படுத்துவிடலாம் என்றார். நம் பெரியவர்கள் சொல்லி வந்ததும் அதுதான். இதை ஸ்பெயினில் சோதித்திருக்கிறார்கள். நாள்பட்ட இடுப்புவலி உள்ள 313 பேரில் பாதிப் பேருக்குக் கெட்டி மெத்தை, மீதிப் பேருக்கு நடுத்தரக் கெட்டி மெத்தை கொடுத்து 90 நாள் பார்த்தார்கள். முடிவு 2003இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. நடுத்தரக் கெட்டியில் படுத்தவர்களுக்குத்தான் வலி நன்றாகக் குறைந்திருந்தது. யோசித்தால் காரணம் புரியும். மல்லாந்து படுக்கும்போது பிட்டமும் தோள்பட்டையும் பலகையைத் தொடும். இடுப்பின் உட்குழிவு அந்தரத்தில் தொங்கும். அந்தக் குழிவை மெத்தை மேலே வந்து தாங்க வேண்டும், பிட்டமும் குழிக்குள் போய்விடக் கூடாது. மேலே கொஞ்சம் இணங்கிக் கொடுக்கவும் வேண்டும், கீழே அசையாமல் தாங்கவும் வேண்டும். இந்த இரண்டு வேலையையும் ஒரே பொருளிடம் கேட்பதால்தான் மெத்தை வாங்குகிறவர்கள் குழம்பிப் போகிறார்கள்.

பாயில் படுத்தபோது வலி இல்லையே என்று அவர் கேட்டார். பள்ளத்திலிருந்து ஒரு ராத்திரி தப்பித்ததால் கிடைத்த சுகம் அது. பத்து நாள் படுத்திருந்தால் தோளும் இடுப்பெலும்பும் வேறு கதை சொல்லியிருக்கும்.

கடையில் படுத்துப் பார்க்கும்போதும் இதைத்தான் கவனிக்க வேண்டும். மல்லாந்து படுத்து இடுப்புக் குழிவுக்குக் கீழே கையை நுழையுங்கள். கை தாராளமாகப் போய் வந்தால் மெத்தை உங்களுக்குக் கெட்டி. கையை நுழைக்கவே முடியாமல், உடம்பு முழுக்க மெத்தைக்குள் இருக்கிற மாதிரி தெரிந்தால் மெது. உரசிக்கொண்டு போனால் சரி. ஒருக்களித்துப் படுக்கிறவர்கள் கூட வந்தவரைப் பின்னாலிருந்து போனில் ஒரு படம் எடுக்கச் சொல்லுங்கள். கழுத்திலிருந்து வால் எலும்பு வரை நேர்கோடாகத் தெரிய வேண்டும். இரண்டு நிமிடம் போதாது. வெட்கப்படாமல் கால் மணி நேரம் படுத்திருங்கள்.

சரி, பொருளுக்கு வருவோம்.

அக்கா வீட்டு மெத்தை பள்ளமானதற்குக் காரணம் அதன் எடை. ஸ்பாஞ்சு என்று நாம் சொல்லும் பாலியூரித்தேன் நுரையில் கெட்டித்தனம் வேறு, அடர்த்தி வேறு. கையால் அமுக்கிப் பார்த்தால் தெரிவது கெட்டித்தனம். எத்தனை வருடம் அப்படியே இருக்கும் என்பதைச் சொல்வது அடர்த்தி. அடர்த்தி குறைந்த நுரையையும் புதிதில் கெட்டியாகத் தயாரிக்க முடியும் என்பதால் கையை நம்பக் கூடாது, தராசை நம்பலாம். ஐந்து அடிக்கு ஆறரை அடி, ஆறு அங்குல மெத்தை உறை இல்லாமல் எட்டு கிலோதான் இருக்கிறது, அதாவது ஐந்து வீசை என்றால், அது கன மீட்டருக்கு 18 கிலோ அடர்த்தி உள்ள நுரை. சோபா முதுகுக்குப் போதும், 185 பவுண்டு மனிதர் தினமும் படுக்கப் போதாது. அதே அளவு மெத்தை பதினைந்து கிலோ, ஒன்பது வீசை இருந்தால் அடர்த்தி 32. முதுகுக்காக வாங்குகிறவர்கள் அதற்குக் கீழே போக வேண்டாம் என்பது என் எண்ணம். அக்கா வீட்டு மெத்தையை நான் ஒரு கையால் தூக்கிச் சுவரில் சாய்த்தேன். நிறுத்துப் பார்க்கவே தேவைப்படவில்லை.

அடர்த்தி சரியாக இருந்தாலும் நம் ஊரில் ஸ்பாஞ்சுக்கு இன்னொரு சங்கடம் உண்டு. சூடும் ஈரமும் சேர்ந்தால் இந்த நுரை தளர்கிறது. உலர்ந்த குளிர் அறையில் இருக்கும் கெட்டித்தனம் ஜூலை மாத ரங்கூன் அறையில் இருக்காது. ஏசி போட்ட கடையில் படுத்துப் பார்த்து வாங்கி வந்த மெத்தை வீட்டில் வேறு மாதிரி இருக்கிறதே என்று சொல்கிறவர்கள் பொய் சொல்லவில்லை. மெமரி ஃபோம் என்று விற்கிற வகையில் இது இன்னும் அதிகம். உடம்புச் சூட்டுக்கு இளகி உருவத்தை வாங்கிக்கொள்வதற்கென்றே செய்யப்பட்டது அது. ஏப்ரலில் அறையே 34, 35 டிகிரியில் இருக்கும்போது நீங்கள் படுப்பதற்கு முன்பே அது இளகித்தான் இருக்கும். படுத்ததும் உள்ளே வாங்கி உடம்பைச் சுற்றி மூடிக்கொள்ளும், வியர்வை போக வழி இருக்காது. மின்சாரம் போய் மின்விசிறியும் நின்றுவிட்டால் அதில் படுக்கவே முடியாது. ராத்திரி ஏசி தடையில்லாமல் ஓடும் வீடு என்றால் வாங்கலாம். மற்றவர்களுக்கு நான் சிபாரிசு செய்வதில்லை.

மின்வெட்டைப் பற்றிப் பேசும்போது ஒன்றைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. ஸ்பாஞ்சு தீப்பிடித்தால் மளமளவென்று எரியும், அதன் புகையில் நச்சு உண்டு. கட்டிலுக்குப் பக்கத்தில் மெழுகுவர்த்தியும் கொசுவர்த்தியும் வைக்காதீர்கள்.

தேங்காய் நார் மெத்தைக்குக் காற்றோட்டத்தில் நிகர் கிடையாது. சுருட்டிய நாரின் மேல் ரப்பர் பாலைத் தெளித்து, அழுத்தி, சூடாக்கிப் பலகை மாதிரி செய்கிறார்கள். உள்ளே நாருக்கும் நாருக்கும் நடுவே வெறும் காற்றுதான். படுத்திருப்பவர் புரளும்போதெல்லாம் அந்தக் காற்று வெளியே போய்ப் புதுக்காற்று உள்ளே வரும். ஸ்பாஞ்சில் சூடு உடம்புக்குக் கீழேயே தங்கும், நாரில் தங்காது. தேங்காய் நார் எளிதில் மக்கவும் மக்காது. கனமான உடம்பை இடுப்பு இறங்காமல் தாங்கும். 185 பவுண்டு மச்சான் மல்லாந்து படுக்கிறவர். அவருக்கு மட்டும் வாங்குவது என்றால் ஐந்து அங்குல நார் மெத்தையும் மேலே ஒரு மெல்லிய பஞ்சு மெத்தையும் போதும் என்று சொல்லியிருப்பேன்.

ஆனால் அக்கா 120 பவுண்டு. ஒருக்களித்துத்தான் தூங்குவாள். ஒருக்களித்தவர் எடை முழுக்கத் தோளிலும் இடுப்பெலும்பிலும் இறங்குகிறது. நார் அந்த இடத்தில் விட்டுக்கொடுக்காது. தோள் உள்ளே போகாவிட்டால் முதுகெலும்பு வில் மாதிரி வளையும், கை மரத்துப்போகும். கடையில் நார் மெத்தையில் பத்து நிமிடம் படுத்துவிட்டு அவளே எழுந்து தோளைத் தடவினாள். நார் மெத்தையின் குறை அதன் மேல்பரப்பில்தான் இருக்கிறது, அடித்தளமாக அதைக் குறை சொல்ல முடியாது.

அது கெடும் விதமும் தெரிந்திருக்க வேண்டும். நாரைப் பிடித்து வைத்திருப்பது அந்த ரப்பர் பூச்சுதான். அது காலப்போக்கில் காய்ந்து உதிரும். கட்டிலுக்கு அடியில் பழுப்புத் தூள் விழுவதும், புரண்டால் சரசரவென்று சத்தம் கேட்பதும் அதன் அடையாளம். நல்ல நார்ப் பலகை என்றால் ஓரத்தில் ஒரு சிட்டிகை நாரைப் பிடித்து இழுத்தால் வராது. கையோடு கொத்தாக வந்தால் ரப்பரைக் குறைத்துச் செய்தது, அதை வாங்க வேண்டாம்.

லேடெக்ஸ் என்பது அதே ரப்பர் பால்தான். நுரைக்க அடித்து அச்சில் ஊற்றி வேக வைக்கிறார்கள். 1929இல் இங்கிலாந்தில் பர்மிங்காமில் டன்லப் கம்பெனிக்காரர்கள் கண்டுபிடித்த முறை இன்னும் அதே பெயரில் நடக்கிறது. அதில் வரிசையாகத் தெரியும் ஓட்டைகள் காற்றுக்காக வைத்தவை என்று விற்பவர்கள் சொல்வார்கள். அச்சுக்குள் சூடு நடுவரை போய்ச் சேர வேண்டும் என்பதற்காக வைத்த கம்பிகளின் தடம் அது. காற்று போக உதவுவது கூடுதல் லாபம். முதுகுக்கு இதன் குணம் அருமையானது. அமுக்கிய இடம் மட்டும் இறங்கும், கையை எடுத்த உடனே மேலே வரும். இடுப்புக் குழிவை இது தானாக நிரப்பிக்கொள்ளும். அறை 24 டிகிரியில் இருந்தாலும் 35 டிகிரியில் இருந்தாலும் இதன் கெட்டித்தனத்தில் பெரிய மாற்றம் தெரியாது. நம் ஊருக்கு அதுவே பெரிய விஷயம்.

மோன் மாநிலத்தில் தட்டோன், முடோன் பக்கமெல்லாம் ரப்பர் தோட்டம் இருந்தும், ரங்கூன் கடைகளில் நான் பார்த்த லேடெக்ஸ் மெத்தைகள் பெரும்பாலும் தாய்லாந்திலிருந்து வந்தவை. விலை ஸ்பாஞ்சைப் போலப் பல மடங்கு. எடையும் அப்படித்தான். அக்கா வீட்டு அளவில் ஆறு அங்குலம் என்றால் முப்பத்து நாலு கிலோ வரும், இருபத்தொரு வீசை. அதைப் பிடிக்கவும் வசதி இல்லை, மடங்கி மடங்கி விழும். லிப்ட் இல்லாத நாலாம் மாடிக்கு ஏற்றிவிடலாம், ஆனால் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை திருப்பிப் போடுவது அவர்கள் இருவரால் ஆகாது.

லேடெக்ஸுக்கு மூன்று எதிரிகள். ஒன்று வெயில். மெத்தையை வெயிலில் போட்டு அடித்து எடுப்பது நம் வழக்கம். இலவம்பஞ்சுக்கு அது உயிர் கொடுக்கும். நாருக்கும் காலை இளவெயில் ஒத்துக்கொள்ளும். லேடெக்ஸை வெயிலில் போட்டால் மேல்பரப்பு முதலில் மஞ்சளாகும், பிறகு பிசுபிசுக்கும், கடைசியில் பொரிந்து உதிரும். நிழலில் காற்றாடவிடுவதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். இரண்டாவது எதிரி எண்ணெய். ரப்பர் எண்ணெயை உறிஞ்சி ஊதி, தளர்ந்துவிடும். முதுகுவலிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு நேராகப் போய்ப் படுக்கும் வீடுகளில் சரியாக அந்த இடம் மட்டும் கெட்டுப்போனதைப் பிரித்துப் பார்த்திருக்கிறேன். தைலம் தேய்ப்பதை நிறுத்தச் சொல்லவில்லை. மேலே ஒரு கெட்டித் துண்டை விரித்துக்கொண்டால் போதும்.

மூன்றாவது எதிரி அடைப்பு. இது மூன்று வகை மெத்தைக்கும் பொது. உடம்பிலிருந்து இறங்கும் ஈரம் மெத்தையைத் தாண்டிக் கீழே வந்து வெளியேற வழி வேண்டும். மே மாதக் கடைசியிலிருந்து அக்டோபர் வரை இங்கே சுவரே வியர்க்கிறது. கட்டிலில் முழுப் பலகை ஒட்டியிருந்தால் ஈரம் மெத்தைக்கும் பலகைக்கும் நடுவே தேங்கி, அடியில் கறுப்புப் புள்ளி விழும். மேலே படுப்பவருக்கு மக்கல் வாடை வந்த பிறகுதான் தெரியவரும். கடையில் சுற்றிக் கொடுத்த பிளாஸ்டிக்கை அழுக்குப் படாமல் இருக்கட்டும் என்று கழற்றாமலே படுக்கிறவர்கள் நிறையப் பேர். முதல் வேலையாக அதைக் கிழித்துப் போடுங்கள்.

அக்கா வீட்டில் கடைசியில் முடிவெடுத்தது இப்படி. தாங்குகிற வேலையை நாருக்குக் கொடுத்தோம், இணங்குகிற வேலையை லேடெக்ஸுக்குக் கொடுத்தோம். கீழே நாலு அங்குல நார்ப் பலகை, மேலே இரண்டு அங்குல லேடெக்ஸ், தனித்தனியாக, ஒட்டாமல். நார் இருபத்தைந்து கிலோ, லேடெக்ஸ் பன்னிரண்டு கிலோ என்பதால் இரண்டு நடையில் மாடிக்குப் போனது. நார் உரசி லேடெக்ஸை அரிக்காமல் இருக்க நடுவே ஒரு கெட்டிக் காடாத் துணி போட்டேன். முழு லேடெக்ஸ் வாங்கியிருந்தால் ஆகியிருக்கும் பணத்தில் பாதிகூட ஆகவில்லை. லேடெக்ஸ் மூன்று அங்குலமாக இருக்கட்டுமே என்று அக்கா கேட்டாள். அவளுக்கு மட்டும் என்றால் சரி. மச்சானின் எடைக்கு மூன்று அங்குலம் இடுப்பை இன்னும் கொஞ்சம் கீழே விட்டிருக்கும். இரண்டில், அமுங்கிய பிறகு கீழே இருக்கும் நார் அவரைத் தடுத்து நிறுத்துகிறது.

மெத்தையைவிடக் கட்டிலுக்கான வேலைதான் அதிக நேரம் பிடித்தது. ஒட்டுப்பலகையை எடுத்துவிட்டு மூன்று அங்குல அகல மரச்சட்டங்களை, இரண்டு அங்குல இடைவெளி விட்டு ஆசாரியை வைத்து அடித்தோம். இடைவெளி மூன்று அங்குலத்தைத் தாண்டினால் மெத்தை சட்டங்களுக்கு நடுவே தொங்க ஆரம்பிக்கும். நடுவில் ஒரு கால் கொடுக்கச் சொன்னேன். ஐந்து அடி அகலக் கட்டிலில் நடுக்கால் இல்லாவிட்டால் சட்டமே வளைந்து, புது மெத்தையிலும் பழைய பள்ளம் வந்துவிடும்.

உறையில் நான் ஒரு தவறு செய்தேன். கையில் இருந்த பாலியஸ்டர் குயில்ட் துணியில் தைத்துக் கொடுத்துவிட்டேன். திஞ்சான் விடுமுறையில் அக்கா கூப்பிட்டு, மெத்தை சுகமாக இருக்கிறது, ஆனால் முதுகு வேர்த்துக் கொட்டுகிறது என்றாள். கீழே அத்தனை காற்று போகிற பொருளை வைத்து, மேலே காற்றுப் போகாத துணியால் மூடியிருந்தேன். பிரித்துவிட்டுத் தடித்த பருத்தித் துணியில், மூன்று பக்கமும் ஜிப் வைத்துத் தைத்தேன். அந்த மாதம் மட்டும் விரிப்புக்கு மேலே ஒரு தின்பியூ பாயையும் போட்டுக்கொண்டார்கள். பாய் கூடுதல் குளிர்ச்சி. மெல்லியது என்பதால் தாங்குவதில் பெரிய மாற்றம் வராது.

முதல் வாரம் மச்சானுக்கு நடுமுதுகில் லேசான வலி இருந்தது. பள்ளத்தில் கிடந்து பழகிய உடம்பு நேராகப் படுக்கும்போது இப்படி இரண்டு மூன்று வாரம் வரை இருக்கலாம். அதற்குள் குறைந்துகொண்டே வந்தால் கவலை இல்லை. மாதம் தாண்டியும் அப்படியே இருந்தால் அந்த மெத்தை அவருக்குப் பொருந்தவில்லை என்று அர்த்தம். அவருக்குப் பத்தாம் நாள் விட்டுவிட்டது. மே மாதத்தில் காலையில் வரும் இடுப்புப் பிடிப்பு வாரத்துக்கு ஒரு நாள், அதுவும் மூட்டை தூக்கிய மறுநாள்தான் என்றார்.

ஆகஸ்டில் நல்ல மழையில் போய் மெத்தையைத் தூக்கி அடியில் கை வைத்துப் பார்த்தேன். சட்டம் இருந்த இடத்தில் லேசான ஈரப்பசை, இடைவெளியில் காய்ந்திருந்தது, புள்ளி இல்லை. வாரம் ஒரு முறை விரிப்பை எடுத்துவிட்டு, லேடெக்ஸை மட்டும் சுவரில் சாய்த்து, மின்சாரம் இருக்கும் நேரத்தில் இரண்டு மணி நேரம் மின்விசிறி ஓடவிடச் சொல்லியிருக்கிறேன். நார்ப் பலகையை மூன்று மாதத்துக்கு ஒரு முறை தலைப்பக்கம் கால்பக்கமாகவும், அடுத்த முறை மேல் கீழாகவும் திருப்ப வேண்டும். மச்சான் பக்கம் எடை அதிகம் என்பதால் இதை விடக் கூடாது. நூல் பிடித்து அளந்தேன். இப்போதைக்குக் கால் அங்குலம்கூட இல்லை. சில வருடம் கழித்து நார் தூள் விட ஆரம்பித்தால் நார்ப் பலகையை மட்டும் மாற்றிவிட்டு, அதே லேடெக்ஸை மேலே போட்டுக்கொள்ளலாம்.